விற்ற பாக்கி யார் கணக்கில்?

மார்ச் கணக்கை முடிக்கும் வேலை ஏப்ரல் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். அப்படி ஓர் ஏப்ரல் கடைசி வாரத்தில், கோவை கணபதிப் பக்கம் வார்ப்படப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வரைவு பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"ஏனுங்க சார், இந்தப் பம்ப் கம்பெனி பில்லு பத்து லட்சம். நான்தான் பிப்ரவரியிலயே வித்துட்டேனுங்களே? பணமும் வந்து, கூலிக்கும் கரிக்கும் போயாச்சு. இன்னும் அது வரவேண்டிய பாக்கியில நிக்குது. அது பத்தாதுன்னு ஒன்பது லட்சம் புதுக் கடன் வேற காட்டறீங்க."

"வித்தீங்களா, அடகு வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. நான் படிக்கலீங்க."

பாக்கியைப் பணமாக்குவதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலானவர்கள் வட்டி எத்தனை, எத்தனை நாளில் பணம் வரும் என்றுதான் கேட்கிறார்கள். நான் கேட்டதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் எந்த வரி நிற்கும், எந்த வரி போகும் என்பது முழுக்க அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது.

தொண்ணூறு நாள் என்ற பள்ளம்

முதலில் இந்த வியாபாரம் ஏன் பிறந்தது என்று பார்த்துவிடலாம். பட்டறைக்காரர் பம்ப் கம்பெனிக்கு வார்ப்புகளை அனுப்பிப் பத்து லட்சத்துக்குப் பில் போடுகிறார். 18 சதவீதம் ஜிஎஸ்டி என்றால், அந்தப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் அவருடைய பணமே இல்லை. அரசுக்குப் போக வேண்டியது. அதில் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்டு, மீதியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அவர் கட்டியாக வேண்டும். பம்ப் கம்பெனி பணம் தந்ததா என்று ஜிஎஸ்டி கேட்காது. சனிக்கிழமை கூலி கேட்காது. மின்கட்டணமும் கேட்காது.

பம்ப் கம்பெனியோ தொண்ணூறு நாள் கழித்துத்தான் தருவேன் என்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வட்டியைக் கேட்டு வழக்குப் போடுகிறவர்களுக்கு அடுத்த ஆர்டர் வராது என்பது பட்டறைகளில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சட்டம் 45 நாள் என்கிறது, வழக்கம் 90 நாள் என்று நிற்கிறது.

இந்தப் பள்ளத்தை மூடத்தான் பில் டிஸ்கவுண்டும் ஃபாக்டரிங்கும். பில் டிஸ்கவுண்ட் என்றால், குறிப்பிட்ட ஒரு பில்லைக் காட்டி, தவணை நாள் வரைக்குமான வட்டியைக் கழித்துக்கொண்டு இப்போதே பணம் வாங்குவது. பெரும்பாலும் பாக்கியை வசூலிப்பது நம் வேலையாகவே இருக்கும். ஃபாக்டரிங் என்றால், பாக்கியையே ஒரு ஃபாக்டர் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிடுவது. யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கை வைத்துக்கொள்வது, ஞாபகப்படுத்துவது, வசூலிப்பது எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தியாவில் இதற்கு வழி சொன்னது ரிசர்வ் வங்கி அமைத்த கல்யாணசுந்தரம் குழு. 1988இல் அதன் அறிக்கை வந்தது. 1991இல் ஸ்டேட் வங்கியும் கனரா வங்கியும் ஃபாக்டரிங் நிறுவனங்களைத் தொடங்கின. தனிச் சட்டம் 2011இல்தான் வந்தது. 2021இல் அதைத் திருத்தி, ஃபாக்டரிங்கையே முக்கியத் தொழிலாக வைத்திராத நிதி நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள்.

பெயர் டிஸ்கவுண்ட் என்றிருந்தாலும் ஃபாக்டரிங் என்றிருந்தாலும் பேலன்ஸ் ஷீட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஃபாக்டரிங் என்று தலைப்பிட்ட ஒப்பந்தம் அடகாக இருக்கலாம். டிஸ்கவுண்ட் என்று பெயர் வைத்தது உண்மையான விற்பனையாக இருக்கலாம். பார்க்க வேண்டியது தலைப்பை அல்ல.

ஒரு பில்லின் கதை

நம் பட்டறைக்காரரின் பில்லையே எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 1ஆம் தேதி பில், தொண்ணூறு நாள் தவணை. அதாவது மே 2ஆம் தேதி பணம் வர வேண்டும். ஒரு நிதி நிறுவனம் பில் போட்ட அன்றே பத்து லட்சத்தில் 90 சதவீதமான ஒன்பது லட்சத்துக்கு ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தொண்ணூறு நாளுக்கு 26,630 ரூபாய். அதை முன்கூட்டியே கழித்துக்கொண்டு 8,73,370 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டது. மீதி ஒரு லட்சம் மார்ஜின். பம்ப் கம்பெனி பணம் தந்த பிறகு அது கிடைக்கும்.

நான் அந்த ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. தவணை நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வாங்கியவர் பணம் தராவிட்டால், கொடுத்த தொகையை வட்டியோடு விற்றவரிடமிருந்து நிறுவனம் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். தொழிலில் இதை ரிகோர்ஸ் என்பார்கள். தமிழில் சொன்னால், திரும்பி வந்து உங்களிடமே கேட்கும் உரிமை.

"இதுதானுங்க அடகு," என்றேன்.

அடகுக் கடையில் நகையை வைத்துப் பணம் வாங்கினால் நகை நம் கையில் இல்லை, கடைக்காரர் பெட்டியில் இருக்கிறது. ஆனாலும் நகை நம்முடையதுதான், கடனும் நம்முடையதுதான். விற்றிருந்தால் இரண்டுமே இல்லை. நாளைக்குத் தங்கம் விலை ஏறினாலும் இறங்கினாலும் நமக்கு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. பாக்கிக்கும் இதே கணக்குதான். பம்ப் கம்பெனி மூழ்கினால் நஷ்டப்படப் போவது யார்? ரிகோர்ஸ் இருந்தால் பட்டறைக்காரர். அப்படியானால் பத்து லட்சம் அவர் சொத்தாகவே பேலன்ஸ் ஷீட்டில் நிற்க வேண்டும். வாங்கிய ஒன்பது லட்சம் கடனாக மறுபக்கத்தில் ஏற வேண்டும். வட்டி செலவில் போகும். நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த காகிதம், அவர்கள் பம்ப் கம்பெனிக்கு அனுப்பிய அறிவிப்பு, எதுவும் இதை மாற்றாது.

பெரிய நிறுவனங்களுக்கு இதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், நிகர மதிப்பு 250 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்களும் இண்ட் ஏஎஸ் 109 என்ற கணக்கியல் தரத்தைப் பின்பற்ற வேண்டும். அது கேட்கும் கேள்வி இதுதான்: சொத்தில் உள்ள அபாயமும் பலனும் பெரும்பாலும் கைமாறிவிட்டனவா? மாறிவிட்டால் பாக்கி புத்தகத்தை விட்டுப் போகும். பெரும்பாலும் நம்மிடமே தங்கினால் போகாது.

நம் பட்டறை போன்ற சிறிய இடங்களுக்கு அவ்வளவு விரிவான விதி இல்லை. வணிகவியல் படித்தவர்களுக்குப் பழைய பாடம் நினைவிருக்கும். உண்டியலை வங்கியில் டிஸ்கவுண்ட் செய்தால், வங்கிக் கணக்கில் பற்று, கழிவுக் கணக்கில் பற்று, பெறுதற்குரிய உண்டியல் கணக்கில் வரவு. பாக்கி அங்கேயே மறைந்துவிடும். அது மறுக்கப்பட்டால் நாம் தர வேண்டியிருக்கும் தொகை, 'நிகழக்கூடிய பொறுப்பு' என்று அடிக்குறிப்பில் போகும். இந்த வழக்கம் இன்னும் பல அலுவலகங்களில் இருக்கிறது. அதில் ஒரு சங்கடம் உண்டு. பேலன்ஸ் ஷீட்டின் எண்களைப் பார்க்கிறவர்கள் பலர், அடிக்குறிப்பைப் படிக்கிறவர்கள் சிலர்தான். பதினொன்றாம் பக்கத்து வரி இருக்கும் வரை, அதைக் கடனாகவே காட்டச் சொல்வேன். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன்.

திரும்பி வந்த ஒன்பது லட்சம்

மே 2ஆம் தேதி பம்ப் கம்பெனி பணம் தரவில்லை. வார்ப்புகளில் சில பொத்தல் விழுந்திருந்ததாகச் சொல்லி, டெபிட் நோட் போட்டு, மொத்தப் பில்லையும் நிறுத்திவைத்தது. ஜூன் 1ஆம் தேதி நிதி நிறுவனம் பட்டறைக்காரரின் கணக்கில் கை வைத்தது. ஒன்பது லட்சமும், கூடுதலாக ஆன முப்பது நாளுக்கு வட்டி 8,877 ரூபாயும். அவர் ஃபோன் செய்தபோது குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. "வித்த சரக்கை வாங்குனவன் திருப்பிக் கொடுக்கற மாதிரி இருக்குதுங்க."

விற்றிருந்தால் அப்படி நடந்திருக்காதா என்று கேட்டார். அங்கேதான் இரண்டு வகை அபாயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பம்ப் கம்பெனி திவாலாகிப் பணம் தராமல் போவது ஒன்று. சரக்கில் குறை என்று சொல்லித் தராமல் இருப்பது வேறொன்று. ரிகோர்ஸ் இல்லாத ஒப்பந்தத்திலும் இந்த இரண்டாவது அபாயத்தை ஃபாக்டர்கள் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். 'இந்தப் பாக்கி உண்மையானது, வாங்கியவருக்கும் உங்களுக்கும் இதில் தகராறு இல்லை' என்று விற்றவரிடம் உறுதி வாங்கிக்கொள்வார்கள். அந்த உறுதி பொய்த்தால் திரும்பி வருவார்கள். பாக்கி இருந்தது என்று உறுதி சொல்வது விற்பனையின் ஒரு பகுதிதான். அதனால் மட்டும் பாக்கி புத்தகத்தில் தங்க வேண்டியதில்லை. வாங்கியவரின் கையாலாகாத்தனத்துக்கும் நாமே பொறுப்பு என்றால்தான் தங்கும்.

பம்ப் கம்பெனி முதலில் ஒப்புக்கொள்ளட்டும்

இந்தத் தகராறை முன்கூட்டியே முடித்துவைக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ட்ரெட்ஸ் என்று பெயர். 2014 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் வெளியிட்டது, 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஆர்எக்ஸ்ஐஎல், எம்ஒன்எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகிய மூன்றும் அதில் முதலில் உரிமம் பெற்ற தளங்கள்.

அதன் நடைமுறை எளிது. பட்டறைக்காரர் பில்லைத் தளத்தில் ஏற்றுகிறார். பம்ப் கம்பெனி தன் பக்கத்திலிருந்து அதை ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்ட நொடியில் சரக்கைப் பற்றிய சண்டை முடிந்தது. தரம் சரியில்லை, எடை குறைவு என்று பிறகு எதைச் சொன்னாலும் தவணை நாளில் பணத்தை நிறுத்த முடியாது. அந்தச் சண்டையைத் தளத்துக்கு வெளியே தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அந்தப் பில்லுக்கு ஏலம் கேட்கின்றன. நான் 9 சதவீதத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், நான் 8.75க்கு என்று. பட்டறைக்காரர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். பணம் அடுத்த வேலை நாளில் வந்துவிடும். தவணை நாளில் பம்ப் கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக நிதி தந்தவருக்குப் போகும். அது போகாவிட்டால் பம்ப் கம்பெனி தவறியதாகத்தான் பதிவாகும். பட்டறைக்காரரிடம் யாரும் வர முடியாது. விதியிலேயே ரிகோர்ஸ் கிடையாது.

வட்டி குறைவதற்கும் அதுவே காரணம். நிதி தருகிறவர் பட்டறையின் தராதரத்தைப் பார்ப்பதில்லை, பம்ப் கம்பெனியின் தராதரத்தைப் பார்க்கிறார். அதே பத்து லட்சம், தொண்ணூறு நாள், 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கழிவு 22,192 ரூபாய். கையில் 9,77,808 ரூபாய். மார்ஜின் கிடையாது. புத்தகத்தில் பத்து லட்சப் பாக்கி முழுவதும் போய்விடும். எதிரே கடன் எதுவும் ஏறாது. 22,192 ரூபாய் அந்த ஆண்டின் செலவு. விற்றது விற்றதுதான்.

இதற்குப் பம்ப் கம்பெனியும் தளத்தில் இருக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 500 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் சேர வேண்டும் என்று 2018இல் உத்தரவு வந்தது. 2024 நவம்பரில் அந்த வரம்பை 250 கோடியாகக் குறைத்தார்கள். சேர்வது கட்டாயம்தான். சேர்ந்த பிறகு ஒவ்வொரு பில்லையும் ஏற்றுக்கொள்வது வேறு விஷயம். தளத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, பில் வந்தால் பார்க்காமல் இருக்கும் வாங்குபவர்கள் உண்டு. அதனால் சரக்கு அனுப்பும் முன்பே அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவில், போன மாதம் எத்தனை பில்லை ட்ரெட்ஸில் ஏற்றுக்கொண்டீர்கள் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

இரண்டுக்கும் நடுவே

முழு ரிகோர்ஸ், ரிகோர்ஸே இல்லை என்ற இரண்டும் சுலபம். சிக்கல் நடுவில்தான். ஒரு பில் அல்ல, நாற்பது வாடிக்கையாளர்களின் பாக்கி மொத்தம் ஒரு கோடியை ஒரே கட்டாக விற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதி நிறுவனம் சொல்கிறது: "ரிகோர்ஸ் வேண்டாம். ஆனால் மொத்தத்தில் முதல் 5 சதவீத நஷ்டம் மட்டும் உங்களுடையது. அதற்கு மேல் எவ்வளவு போனாலும் எங்களுடையது."

காதில் விழும்போது 95 சதவீதத்தை விற்றுவிட்டதாகத் தோன்றும். இப்போது பழைய கணக்கைப் பாருங்கள். இதுவரை அந்த வாடிக்கையாளர்களிடம் வராமல் போன பணம் ஒரு கோடிக்கு ஒரு லட்சம், மோசமான ஆண்டில் இரண்டு லட்சம். அதாவது நஷ்டம் எப்போதுமே பூஜ்யத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் இடையில்தான் ஆடியிருக்கிறது. நாம் ஏற்றுக்கொண்டதோ ஐந்து லட்சம் வரை. நடக்கக்கூடிய நஷ்டம் அத்தனையும் நம் தலையில். நிறுவனம் ஏற்றுக்கொண்டது நடக்க வாய்ப்பே குறைவான ஒன்றை. ஆக, அபாயம் கைமாறவே இல்லை. ஒரு கோடியும் புத்தகத்தில் நிற்க வேண்டும், வாங்கிய பணம் கடனாக ஏற வேண்டும்.

இதையே வேறு உடையில் பார்க்கலாம். நிறுவனம் 90 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு 10 சதவீதத்தைப் பிடித்துவைக்கிறது. வராத பாக்கியை அந்தப் பிடித்தத்திலிருந்து கழித்துக்கொள்வோம், அதற்கு மேல் உங்களிடம் வர மாட்டோம் என்கிறது. எங்குமே ரிகோர்ஸ் என்ற சொல் இருக்காது. ஆனால் முதல் 10 சதவீத நஷ்டம் நம்முடையதாகிவிட்டது. கணக்கு அதேதான்.

இன்னும் ஒன்று உண்டு. வாங்கியவர் தராமல் போனால் நஷ்டம் நிறுவனத்துடையது, ஆனால் தாமதமாகத் தந்தால் தாமதமான நாளுக்கு வட்டி உங்களுடையது என்பார்கள். பெரிய, நாணயமான கம்பெனிகள் தராமல் போவது அரிது, தாமதம்தான் வழக்கம். அந்தப் பாக்கியில் உள்ள உண்மையான அபாயமே தாமதம் என்றால், அதை நாம் வைத்துக்கொண்டு வேறெதை விற்றோம்? எல்லா அபாயமும் போகவும் இல்லை, பெரும்பாலும் தங்கவும் இல்லை என்று இரண்டுங்கெட்டானாக நிற்கும் சில ஒப்பந்தங்களில், வாங்கியவர் அந்தப் பாக்கியைத் தன் இஷ்டப்படி இன்னொருவருக்கு விற்க முடியுமா என்று தரம் பார்க்கச் சொல்கிறது. முடியாது என்றால், நாம் இன்னும் எவ்வளவுக்கு மாட்டிக்கொண்டிருக்கிறோமோ அந்த அளவு மட்டும் நம் புத்தகத்தில் இருக்கும்.

ஏன் இவ்வளவு ஆசை?

பாக்கி புத்தகத்தை விட்டுப் போக வேண்டும் என்று ஏன் இவ்வளவு முனைகிறார்கள் என்பது ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும். பட்டறையில் வரவேண்டிய பாக்கி 50 லட்சம், சரக்கிருப்பு 30 லட்சம், ரொக்கமும் மற்றவையும் 5 லட்சம். மொத்தம் 85 லட்சம். தர வேண்டிய பாக்கி 25 லட்சம், வங்கியில் கேஷ் கிரெடிட் கடன் 35 லட்சம். மொத்தம் 60 லட்சம். 85ஐ 60ஆல் வகுத்தால் 1.42. வங்கிகள் பழங்காலம் தொட்டு 1.33க்கு மேல் எதிர்பார்க்கும் விகிதம் இது.

இப்போது 20 லட்சத்துக்குப் பில்களை உண்மையாகவே விற்று, அந்தப் பணத்தால் கேஷ் கிரெடிட்டை அடைக்கிறோம். கழிவைச் சற்று மறந்துவிடுவோம். பாக்கி 30 லட்சமாகிறது, கேஷ் கிரெடிட் 15 லட்சமாகிறது. 65ஐ 40ஆல் வகுத்தால் 1.63. அடகு வைத்திருந்தாலோ ஒன்றும் மாறாது. பாக்கி 50 லட்சமாகவே நிற்கும். வங்கிக் கடன் குறைந்த அளவு நிதி நிறுவனக் கடன் ஏறும். 1.42 அப்படியே 1.42. ஒரே பில், ஒரே பணம். ஒரு பக்கத்தில் எழுதினால் நிறுவனம் மெலிந்து தெரிகிறது, மறுபக்கத்தில் எழுதினால் பழையபடி தெரிகிறது. அடகை விற்பனை என்று எழுதும் ஆசை இங்கேதான் பிறக்கிறது.

பங்கு வாங்கும் வாசகர்கள் இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஆண்டு விற்பனை 12 கோடி, மார்ச் கடைசியில் பாக்கி 3 கோடி என்றால், 91 நாள் விற்பனை வெளியே நிற்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் ஒரு கோடியை விற்றுவிட்டால் அது 61 நாளாகிவிடும். வாடிக்கையாளர்கள் வேகமாகப் பணம் தர ஆரம்பித்தார்கள் என்று தோன்றும். உண்மையில் அவர்கள் பழையபடியே தருகிறார்கள். ஆகவே பாக்கி நாட்கள் திடீரென்று குறைந்து, அதே ஆண்டில் வட்டிச் செலவு குறையாமலோ ஏறியோ இருந்தால், ஆண்டறிக்கையின் குறிப்புகளில் 'டிஸ்கவுண்ட் செய்யப்பட்ட பில்கள்', 'மாற்றப்பட்ட நிதிச் சொத்துகள்' என்ற தலைப்பைத் தேடிப் பார்க்கலாம். ஃபாக்டரிங் தவறான காரியம் என்பதல்ல. வேகம் வாடிக்கையாளரிடமிருந்து வந்ததா, விற்பனையிலிருந்து வந்ததா என்பது மட்டும் தெரிய வேண்டும்.

ஒரே நகை, இரண்டு கடை

பட்டறைகளில் நான் அடிக்கடி காணும் தவறு வேறொன்று. கேஷ் கிரெடிட் கொடுத்த வங்கிக்கு வரவேண்டிய பாக்கிகள் மீது ஏற்கனவே உரிமை இருக்கிறது. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறோம். அதில் சரக்கும் பாக்கிப் பட்டியலும் இருக்கும். அதை வைத்துத்தான் எவ்வளவு வரை பணம் எடுக்கலாம் என்று வங்கி முடிவு செய்கிறது. இதற்கிடையில் ஒரு பில்லை வேறு நிறுவனத்தில் டிஸ்கவுண்ட் செய்துவிட்டு, பட்டியலிலிருந்து நீக்க மறந்துவிடுகிறார்கள். ஒரே நகையை இரண்டு கடையில் அடகு வைத்த கதைதான். மறதியாக இருந்தாலும், வங்கி ஆய்வாளர் கண்டுபிடிக்கும் நாளில் மோசடி என்றுதான் அதற்குப் பெயர்.

இதைத் தவிர்க்க இரண்டு காரியம் போதும். பில்லை விற்கும் முன் கேஷ் கிரெடிட் வங்கியிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்குவது. விற்ற பில்லை அந்த மாதப் பட்டியலிலிருந்தே நீக்குவது. எழுதிக்கொடுத்த பாக்கிகளை ஃபாக்டர்கள் மத்தியப் பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இதற்காகத்தான். எந்தப் பாக்கி யாரிடம் போயிருக்கிறது என்று அடுத்தவர் தேடிப் பார்க்க முடியும்.

அந்த ஜூன் மாதத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு பம்ப் கம்பெனியோடு பேசி, டெபிட் நோட்டைப் பாதியாக்கி, இரண்டு மாதத்தில் மீதியை வசூலித்தார் பட்டறைக்காரர். வரைவில் கடனாகக் காட்டியிருந்ததால், ஒன்பது லட்சத்தைத் திருப்பிக் கட்டிய அன்று எங்கள் புத்தகத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. கடன் வரி குறைந்தது, பாக்கி வரி அப்படியே நின்றது. அடிக்குறிப்பில் போட்டிருந்தால் அன்றைக்குத் திடீரென்று ஒன்பது லட்சக் கடன் எங்கிருந்தோ முளைத்திருக்கும்.

அடுத்த மார்ச்சுக்கு முன்பே ஒரு நாள் அவர் வந்தார். கையில் இன்னொரு நிறுவனத்தின் ஒப்பந்தம், கையெழுத்துப் போடாதது. ஒரு பக்கத்தின் மூலையை மடித்துவைத்திருந்தார். பிரித்துக் காட்டி, விரலை ஒரு வரியில் வைத்தார்.

"இதுல திரும்பி வருவேன்னு எழுதலீங்க சார். ஆனா பத்து பர்சென்ட் பிடிச்சு வெச்சுக்கறாங்க. இது வித்ததா, அடகா?"

நான் ஒப்பந்தத்தை வாங்கவில்லை. பழைய ஐந்து வருடத்தில் வராத கடன் எவ்வளவு என்ற கணக்கை அவர் முன் வைத்தேன். கால்குலேட்டரை எடுத்து அவரே போட ஆரம்பித்தார்.